நாற்பத்தைந்து டிகிரியில் ஒரு குழாய்

பெரிய தப்பு செய்கிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. செய்யும்போதே நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், ஒருவேளை நிறுத்திக்கொள்ளவும் தோன்றும். சின்னத் தப்பு அப்படியில்லை. டீயைக் குடித்துக்கொண்டே ஒரு கட்டத்தில் ஒரு சரிக்குறி போடுகிறோம். அடுத்த மாதமும் போடுகிறோம். எட்டாவது மாதம் அது வந்து கழுத்தைப் பிடிக்கிறது.

அவள் அந்தக் குழாய்ப் பட்டறையில் தரம் பார்க்கிறவள். பதினோரு வெல்டர்கள், பதினோரு வரிகள், ஒரு நீளப் பதிவேடு. யார் எந்த முறையில் பற்றவைக்கத் தேர்வு பெற்றிருக்கிறார், அந்த முறையில் கடைசியாக எந்த மாதம் வேலை செய்தார் என்பதை அதில் குறித்து வர வேண்டும். ஒரு முறையை ஆறு மாதம் தொடாவிட்டால் அந்த முறைக்கான தேர்வு காலாவதி. அந்த மனிதர் இருபது வருஷம் பற்றவைத்தவராக இருக்கலாம், விதிப் புத்தகத்துக்கு அதைப் பற்றிக் கவலை கிடையாது. மறுபடி டெஸ்ட் கொடுக்க வேண்டும்.

மறுநாள் காலை வாடிக்கையாளர் கம்பெனியின் ஆய்வாளர் வருகிறார். மனிதர் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடியோடு வருவதால் பட்டறையில் அவர் பெயரே பூதக்கண்ணாடிதான். அவர் கேட்பதற்குமுன் எல்லாம் ஒழுங்காக இருக்கட்டுமே என்று அவள் பதிவேட்டை எடுத்து, ஒவ்வொரு இணைப்புக்கும் எழுதிய அட்டைகளோடு ஒத்துப்பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்தாவது வரியில் நின்றுவிட்டாள். அது அவள் அண்ணனின் வரி.

ஒவ்வொரு இணைப்பையும் இரண்டு பேர் போட்டிருந்தார்கள். உள்ளே முதல் வரிசையான ரூட்டை ஆர்கான் வாயு வெல்டிங்கில் அண்ணன் போட்டிருக்கிறார். அதன்மேல் நிரப்புவதை ராடு வெல்டிங்கில் மொட்டை என்கிற அவருடைய ஜோடி போட்டிருக்கிறார். அட்டையில் இரண்டு முறை, இரண்டு முத்திரை எண். அவள் மாதக் கடைசியில் அவசர அவசரமாக, அட்டையில் இருந்த இரண்டு பேருக்கும் இரண்டு கட்டத்திலும் சரிக்குறி போட்டுத் தள்ளியிருக்கிறாள். உண்மையில் மூன்று வாரம் முன்புவரை எட்டு மாதமாக அண்ணன் ராடைக் கையில் எடுக்கவே இல்லை. அப்போதே தேர்வு செத்து இரண்டு மாதம்.

அதுகூடப் பரவாயில்லை. மகளின் பிரசவத்துக்காக மொட்டை மூன்று வாரமாக லீவு. அவர் இல்லாததால் அண்ணனே ரூட்டும் போட்டு, மேலே ராடிலும் நிரப்பியிருக்கிறார். ஒன்பது இணைப்புகள். நான்கு பட்டறையில், குழாயை உருளை மேல் வைத்துத் திருப்பித் திருப்பிப் போட்டவை. மற்ற ஐந்தும் வாடிக்கையாளரின் பாய்லர் அறையில், கூரைக்கடியில், அசையாத குழாயில் அண்ணாந்து போட்டவை. அடுத்த திங்கட்கிழமை அந்த லைனில் நீராவி விடப்போகிறார்கள்.

அவள் எக்ஸ்ரே அறிக்கைகளை எடுத்துப் பார்த்தாள். பத்தில் ஒன்றுதான் எக்ஸ்ரே எடுப்பார்கள். ஒன்பதில் இரண்டு எடுத்திருந்தார்கள், இரண்டும் பட்டறையில் போட்டவை, இரண்டும் சுத்தம். பாய்லர் அறையில் போட்ட ஐந்தையும் யாரும் உள்ளே பார்க்கவில்லை. தண்ணீர் ஏற்றி அழுத்திப் பார்த்தார்கள், கசியவில்லை. ரூட் நன்றாக இருந்தால் கசியாதுதான். அதற்கு மேல் கசடு சிக்கியிருந்தால் தண்ணீருக்கு எப்படித் தெரியும்?

மேனேஜரிடம் போய்ச் சொன்னாள். அவர் முதலில் நாற்காலியிலிருந்து எழுந்தார், பிறகு உட்கார்ந்தார், பிறகு விதிப் புத்தகத்தைப் புரட்டினார், பிறகு சிரித்தே விட்டார்.

"ஏம்மா, இதுக்குப் போயா இப்படி முகத்தைத் தொங்கப் போட்டுட்டு வந்தே? தேதிதானே தவறிப்போச்சு? தேதி தவறினா ஒரே ஒரு துண்டு போட்டுக் காட்டினாப் போதும். எந்தப் பொசிஷன்ல வேணும்னாலும் போடலாம். ஒரு தகட்டை மேஜை மேல படுக்க வச்சு போடச் சொல்லு. தேறிட்டா பழைய தகுதி மொத்தமும் திரும்பிடும், குழாயைச் சாய்ச்சு வச்சு வாங்கினது உள்பட. ஸ்கேலுக்கு அது கால் மணி நேர வேலை."

ஸ்கேல் என்றால் அண்ணன். அளவுகோல் வைத்து இழுத்தது போல நேராகப் பற்றவைப்பதால் வந்த பெயர். மேனேஜர் சொன்னதும் சரிதான், புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. அவரே வாடிக்கையாளர் ஆய்வாளருக்குப் போன் போட்டு உண்மையைச் சொல்லியும் விட்டார். தேதி மட்டும்தான் குறை என்றால், டெஸ்ட் தேறியதும் ஒரு குறைபாட்டு அறிக்கை எழுதி ஒன்பது இணைப்பையும் ஏற்றுக்கொள்கிறேன் என்று அவரும் பெரிய மனதோடு சொல்லிவிட்டார். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சாயங்காலம் வரை இருந்தது.

அவள் குடியிருந்தது அண்ணன் வீட்டு மாடியில். ராத்திரிச் சாப்பாடு கீழேதான், அண்ணி கையால். அன்றைக்குச் சாப்பாட்டு மேஜையில் டெஸ்ட்தான் பேச்சு.

அண்ணிக்குக் கோபம். "இருபது வருஷம் ஒரு மனுஷன் ஒரே வேலை பாக்கறாரு. இன்னும் என்ன பரீட்சை? தினம்தான் ஆர்கான்ல போடறாரே, அது வெல்டிங் இல்லியா?"

"அது வேற கை அண்ணி," என்றாள் அவள். "ஆர்கான்ல முனையில இருக்கற பீங்கானைக் குழாய் மேலயே ஊன்றி, ஆட்டி ஆட்டி நகர்த்திட்டுப் போகலாம். கையோட கனத்தைக் குழாய் தாங்கிக்கும். ராடு அப்படியில்லை, எரிய எரிய குட்டையாகிட்டே வரும். அது குறையக் குறைய கையை உள்ளே தள்ளிக்கிட்டே போகணும், எதுலயும் ஊன்ற முடியாது. மேல கசடு வேற மூடும். அதோட படுக்க வச்சு போடறது ஒண்ணு, அண்ணாந்து போடறது இன்னொண்ணு. அண்ணாந்து போட்டா உருகினது நம்ம மேலயே விழப் பாக்கும். அதனாலதான் முறைக்கு ஒண்ணு, பொசிஷனுக்கு ஒண்ணுன்னு தனித்தனியா டெஸ்ட். குழாயைச் சாய்ச்சு வச்சு அசைக்காம போட்டுட்டா மட்டும் எல்லாப் பொசிஷனும் அதுலயே வந்துடும்."

"நல்லா படிச்சிருக்கே," என்றார் அண்ணன், தட்டிலிருந்து தலையை எடுக்காமல்.

"அப்போ நாளைக்கு அண்ணாந்து போடணுமா?" அண்ணியின் குரல் சட்டென்று இறங்கியது. "அது எப்படிங்க? தோளைத் தூக்க முடியலைன்னு தினமும் ராத்திரி தைலம் தேய்க்கச் சொல்றீங்க. நாலு மாசமா சட்டை போடவே கை ஏற மாட்டேங்குது."

அண்ணன் கையிலிருந்த டம்ளரை வைத்தார். மெதுவாகத்தான் வைத்தார். ஆனால் அண்ணி ரசச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அவள் பாதித் தட்டோடு எழுந்து கை கழுவினாள். நாலு மாதம். ஐந்து இணைப்பு, கூரைக்கடியில், கையைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு. தினம் பார்க்கிற மனுஷனின் தோள் அவள் கண்ணுக்குத் தெரியாமல் போனது எப்படி? பதிவேட்டில் எட்டு மாதம் தெரியாமல் போனது போலத்தான் இதுவும் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

மாடிப்படியில் அண்ணன் அவளை நிறுத்தினார்.

"அண்ணி ஏதோ சொல்றா. பெரிசா எடுத்துக்காதே."

"அந்த அஞ்சும் எப்படி இருக்கு அண்ணா?"

"மேல்வரிசையை, கேப்பை, பாத்தியா? எப்படி இருந்துச்சு?"

"மேல அழகா இருந்துச்சு. நான் கேட்டது உள்ளே."

அவர் கைப்பிடிக் கம்பியைத் தடவிக்கொண்டு நின்றார். "பாப்பா," என்றார் கடைசியில். "நாளைக்குப் படுத்த தகடு. அதை நான் தூக்கத்துல கூட போடுவேன். முடிஞ்சிடும். நீ வாயைத் திறக்காம இருந்தாப் போதும்."

அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவளுக்குத் தூக்கம் வரவில்லை என்று சொல்லவும் வேண்டுமா? புத்தகத்தில் இன்னொரு விதியும் உண்டு, அது அவளுக்கு மனப்பாடம். தேதி தவறினால் எந்தத் துண்டும் போதும். ஆனால் ஒரு வெல்டரின் திறமையைச் சந்தேகிக்கக் குறிப்பான காரணம் ஒன்று இருந்தால், சந்தேகம் எந்த வேலையின் மேலோ அந்த வேலைக்கான தகுதி அப்போதே ரத்து. அதே வேலைக்குரிய டெஸ்ட்டையே மறுபடி கொடுக்க வேண்டும். படுத்த தகடு அதற்கு உதவாது. பட்டறையில் அந்தக் காரணம் தெரிந்தது இரண்டே பேருக்கு. ஒருவர் சொல்ல மாட்டார். இன்னொருத்தி அவர் தங்கை. சொன்னால் அண்ணன் பைப் லைன் வேலையிலிருந்து போவார், ஒருவேளை பட்டறையிலிருந்தே போவார். சொல்லாவிட்டால் திங்கட்கிழமை அந்த லைனுக்கடியில் யாரோ ஒரு பாய்லர் ஆள் வால்வைத் திறந்துவிட்டு நிற்பான். இந்த இரண்டையும் தராசில் வைத்து வைத்துப் பார்த்தே விடிந்துவிட்டது.

காலையில் பூதக்கண்ணாடி சொன்ன நேரத்துக்கு வந்தார். மெலிந்த மனிதர், எதற்கும் அவசரப்படாதவர், அவசரப்படுகிறவர்களையும் நம்பாதவர். டெஸ்ட் தடுப்பறையில் மேஜைமேல் இரண்டு தகடுகள் படுத்திருந்தன. மேனேஜர் உற்சாகமாகக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் கையுறையை மாட்டிக்கொண்டு முகமூடியை எடுத்தார்.

"ஆரம்பிக்கலாமா?" என்றார் ஆய்வாளர்.

பேசாமல் இருந்துவிடலாம், யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறவளை உலகத்தில் யாருக்குப் பிடிக்கும்?

"சார், ஒரு நிமிஷம். இது தேதிப் பிரச்சினை மட்டும் இல்லை."

மேனேஜரின் கை நின்றுபோனது. அவள் அண்ணன் பக்கம் பார்க்காமல் பேசினாள். பார்த்தால் முடித்திருக்க மாட்டாள். "இவருக்கு நாலு மாசமா வலது தோள் தூக்க முடியலை. அஞ்சு இணைப்பு அண்ணாந்து ராடுல போட்டிருக்காரு. எனக்குச் சந்தேகம் இருக்கு. சாய்ஞ்ச குழாய்தான் போட்டுப் பாக்கணும்."

"என்னம்மா உளர்றே!" என்று மேனேஜர் ஆரம்பித்தார். ஆய்வாளர் கையைக் காட்டினார், அவர் அடங்கினார்.

"இவர் உங்களுக்கு என்ன வேணும்?"

"அண்ணன், சார்."

ஆய்வாளர் மேஜைப் பக்கம் திரும்பினார். "சந்தேகம்னு காரணத்தோட சொல்லிட்டா நான் கேக்காத மாதிரி இருக்க முடியாது. தகடை எடுத்துடுங்க. குழாயைப் பூட்டுங்க."

அண்ணனே குழாய்த் துண்டுகளை எடுத்து, இடைவெளி விட்டு, புள்ளி வைத்து ஒட்டினார். தாங்கியில் நாற்பத்தைந்து டிகிரியில் சாய்த்து இறுக்கினார். அசைக்கக் கூடாது, திருப்பக் கூடாது, முடியும்வரை அப்படியே இருக்க வேண்டும். மேல் எது, கீழ் எது என்று ஆய்வாளர் குழாயில் உளி வைத்துக் குறி அடித்தார். ரூட்டிலிருந்து கேப் வரை எல்லாமே ராடில்.

தடுப்புத் திரைக்கு வெளியே நின்ற அவளுக்கு வெளிச்சம்தான் தெரிந்தது. ஆனால் காது போதும். ராடு சரியான தூரத்தில் எரிந்தால் ஒரே சீராகப் பொரியும். கை தளர்ந்து முனை விலகினால் சத்தம் பரபரவென்று பெரிசாகும். ரூட் சீராகப் போனது. கீழிருந்து தொடங்கி ஒரு பக்கம் ஏறி, மறுபடி கீழிருந்து தொடங்கி மறுபக்கம் ஏறினார். கசடைத் தட்டினார், தேய்த்தார், இரண்டாவது வரிசையும் சீராகவே போனது. ஐயோ, தேறிவிடுவார் போலிருக்கிறதே என்று ஒரு கணம் மனசு குதித்தது. தேறிவிட்டால் அண்ணன் முகத்தில் எப்படி விழிப்பது என்ற பயமும் அதே கணத்தில் வந்தது. மூன்றாவது வரிசை கீழே தொடங்கியபோது சத்தம் மாறியது. பரபரவென்று நாலைந்து நொடி. பிறகு ராடு ஒட்டிக்கொண்டு அணைந்தது. உள்ளே அவர் மூச்சு வாங்குவது கேட்டது. மறுபடி பற்றியது.

முடித்து வெளியே வந்தபோது அவர் சட்டை முழுக்க நனைந்திருந்தது. வலது கை இடுப்போடு ஒட்டிக்கொண்டு தொங்கியது. குழாயின் மேல்வரிசை என்னவோ வழக்கம்போல அழகாகத்தான் இருந்தது. மேனேஜர் முகத்தில் நம்பிக்கை திரும்பியது.

ஆறின பிறகு குழாயிலிருந்து நாலு பட்டைகளை வெட்டினார்கள். மேல்பக்கம் இரண்டு, கீழ்ப்பக்கம் இரண்டு. ஒவ்வொன்றையும் வழவழப்பாகத் தேய்த்து, பக்கத்துக்கு ஒன்றை மேல்முகம் வெளியே தெரிய, ஒன்றை ரூட் வெளியே தெரிய மடக்க வேண்டும். அழுத்தும் இயந்திரத்தில் வைத்து முழுசாக வளைத்தால் நல்ல இணைப்பு விரியாமல் வளையும், ஒளித்துவைத்த பிழை வாயைத் திறக்கும். மூன்று மில்லிமீட்டருக்கு மேல் திறந்தால் தோல்வி.

மேல்பக்கப் பட்டைகள் இரண்டும் ஒரு கீறல் இல்லாமல் வளைந்தன. கீழ்ப்பக்கத்தில் ரூட் பட்டையும் தாங்கியது. கடைசிப் பட்டையை இயந்திரம் அழுத்தத் தொடங்கியபோது, அவள் தன்னையறியாமல் பக்கத்து மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பாதி வளைவில் டக்கென்று ஒரு சத்தம்.

ஆய்வாளர் பட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். பூதக்கண்ணாடி தேவைப்படவில்லை. நகம் உள்ளே போகும் அளவுக்குப் பிளந்திருந்தது, உள்ளே கறுப்பாகக் கசடு.

"ஒரு வாய்ப்பு இருக்கு," என்றார் அண்ணனிடம். குரலில் கனிவு இருந்தது. "இப்பவே ரெண்டு குழாய் போடலாம். ரெண்டும் தேறணும். கொஞ்சம் ஓய்வு எடுத்துட்டு வேணும்னாலும்..."

"வேண்டாம் சார்." காலையிலிருந்து அண்ணன் பேசிய முதல் வார்த்தை அது. "பாய்லர் ரூம்ல மூணாவது இணைப்பை முதல்ல வெட்டுங்க. அதைப் போடறப்ப கை விழுந்துடுச்சு. இதே சத்தம்தான். மேல அழகாப் போட்டு மூடிட்டேன்."

இயந்திரத்தின் மோட்டார் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, யாரோ அதை அணைத்தார்கள்.

"போட்ட நாள்லேர்ந்து தெரியும் சார். மொட்டை வந்ததும் அவன்கிட்ட சொல்லி எப்படியாவது மறுபடி போட்டுடலாம்னு நினைச்சேன். திங்கக்கிழமை நீராவின்னு போன வாரம்தான் சொன்னாங்க. அதுலேர்ந்து சாப்பாடே இறங்கலை." அவர் நிறுத்தினார். "படுத்த தகடை வச்சிருந்தீங்கன்னா போட்டுட்டுப் போயிருப்பேன். சொல்லியிருக்க மாட்டேன்."

அதை அவர் ஆய்வாளரிடம்தான் சொன்னார். ஆனால் யாருக்காகச் சொன்னார் என்று அங்கே எல்லோருக்கும் தெரிந்தது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் துடைத்துக்கொள்ளவில்லை.

ஆய்வாளர் நோட்டை எடுத்தார். "அஞ்சையும் வெட்டி, வேற ஆள் போடணும். பட்டறையில திருப்பிப் போட்ட நாலுல, எக்ஸ்ரே எடுக்காத ரெண்டுக்கும் அதை எடுத்துடுங்க. இவர் நாளைக்குப் படுத்த பொசிஷனுக்கு மட்டும் ராடு டெஸ்ட் கொடுக்கட்டும், தேறினா அந்த நாலும் நிக்கும். ஆர்கான் தகுதியில கை வைக்க எனக்குக் காரணம் இல்லை, அது அப்படியே இருக்கு. இன்னைக்குப் போனது அசையாத குழாய், ராடு, அவ்வளவுதான்."

மேனேஜர் பெருமூச்சு விட்டார். ஆள் கையைவிட்டுப் போகவில்லை, பாதி மீந்தது என்று அவருக்குப் பட்டிருக்கும். முறைக்கு ஒன்று, பொசிஷனுக்கு ஒன்று என்று தனித்தனியாகக் கட்டிவைத்த அந்த எரிச்சலூட்டும் விதிதான், ஒன்று அறுந்தபோது மற்றதை அறுக்காமல் விட்டது. இதை அண்ணியிடம் சொன்னால் புரிந்துகொள்வாளா என்று அவள் நினைத்துக்கொண்டாள். பதிவேட்டுக் குளறுபடிக்கு அவள் மேலும் ஒரு அறிக்கை உண்டு என்று மேனேஜர் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனார். அது நியாயம்.

சாயங்காலம் அலுவலக அறையில் தகுதி ரத்துப் படிவம் அவள் முன்னால் கிடந்தது. வெல்டர் எண், முறை, பொசிஷன் எல்லாம் நிரப்பிவிட்டாள். காரணம் என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது. அண்ணன் கையெழுத்துப் போட வந்து எதிரே நின்றார். உட்காரச் சொன்னாள், உட்காரவில்லை.

அவள் எழுதப்போன வார்த்தையை அவர் தலைகீழாகவே படித்துவிட்டார்.

"திறமைன்னு எழுதாதே," என்றார். "தோள்னு எழுது."

விதியில் இருக்கிற வார்த்தை திறமைதான். அவள் பேனாவைப் பிடித்தபடி ஒரு நிமிஷம் இருந்தாள். பிறகு எழுதினாள்: வலது தோள் பாதிப்பால் தலைக்கு மேல் கை நிலைக்கவில்லை. அவர் காகிதத்தைத் திருப்பி இரண்டு தடவை படித்தார், கையெழுத்துப் போட்டார்.

கதவு வரை போய் நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை.

"உங்க அண்ணிகிட்ட நானே சொல்லிக்கறேன். இன்னைக்கு சாப்பிடக் கீழே வராதே, பாப்பா."

"சரிண்ணா."

"நாளைக்கு வா."